பரீட்சகர்களுக்கு எழுதிய மறுமொழி

ஆய்வேடொன்றைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கும் மாணவனிடம் பல்கலைக்கழகம் இரண்டு பொருள்களைக் கேட்கின்றது. ஒன்று, திருத்திய ஆய்வேடு. மற்றையது, பரீட்சகர்களின் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் வரிசைப்படி எழுதிய மறுமொழி. ஆய்வேடு நூலகத்தின் அடுக்கிலே சென்று அமர்ந்துவிடும். மறுமொழியோ அலுவலகக் கோப்பொன்றினுள் அடங்கிவிடும். அதனை எழுதியவனும் படித்த பரீட்சகர்களும் தவிர வேறெவரும் அதனைக் காண்பதில்லை. ஆயினும் என் ஆய்வினால் நான் கற்றவற்றுட் பெரும்பகுதி அந்த மறுமொழியை எழுதும்போதே கற்றது என்பதை இன்று தயக்கமின்றிக் கூறுவேன். அதனாலேயே அதன் சாரத்தை இவ்விதழின் வாசகர்முன் வைக்கத் துணிந்தேன்.

எனது ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் வங்கிக் கடன் பற்றியது. அதிலும் குறிப்பாக, 2013ஆம் ஆண்டிலே பொன்விலை வீழ்ந்தபோது திருகோணமலை நகரின் புறத்தேயுள்ள அன்புவழிபுரத்து வீடுகளுக்கு வங்கிகள் வழங்கிய நகையடகுக் கடனுக்கு யாது நேர்ந்தது என்பதை அது ஆராய்ந்தது. அன்புவழிபுரம் நான் பிறந்து வளர்ந்த ஊர். துறைமுகத்திலும் சீனன்குடா ஆலைகளிலும் கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் உழைப்போரும், மேசன்மாரும், சிறுகடை வைத்திருப்போரும் வாழும் ஊர். அத்தகைய வீடொன்றில் வங்கிக் கடன் எனப்படுவது பெரும்பாலும் நகையடகையே குறிக்கும். காணி உறுதியோ, சம்பளப் பத்திரமோ, பிணை நிற்க இரு அரசாங்க ஊழியரோ இல்லாதவர்க்கும் ஒரு சங்கிலி இருக்கும். அதனை உரைகல்லில் உரைத்து, நிறுத்து, அரைமணி நேரத்தில் வங்கி பணம் தந்துவிடும்.

அத்தியாயத்தின் முதல் வடிவத்தை நான் இவ்வாறு முடித்திருந்தேன்: “பொன்விலை வீழ்ந்ததும் வங்கிகள் எம்மைக் கைவிட்டன.” அந்த வாக்கியத்தின் கீழே பரீட்சகர் ஒருவர் பென்சிலாற் கோடிட்டு, “‘எம்மை’ என்பது யார்? ‘கைவிட்டன’ என்பதற்குச் சான்று யாது?” என எழுதியிருந்தார். அவ்விரு வினாக்களுக்கும் விடை காண எனக்கு ஏழு மாதங்கள் சென்றன.

குறிப்புகளைக் கையிற் பெற்ற அன்று எனக்குச் சினமே மேலோங்கியது. எனது மேற்பார்வையாளர் அவற்றை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, முதலில் அவர் கேட்டதை உன்னுடைய சொற்களில் எழுது. அவர் படித்து, ‘ஆம், இதைத்தான் கேட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்ன மாற்றினாய், எந்தப் பக்கத்தில் மாற்றினாய் என்று எழுது. மாற்றாவிட்டால் ஏன் மாற்றவில்லை என்று எழுது. கோபத்தை மட்டும் எழுதாதே.” அந்த ஒழுங்கிலேயே நான்கு குறிப்புகளை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலாம் குறிப்பு: நிலுவை வேறு, புதுக்கடன் வேறு

நகையடகு நிலுவை குறைந்தது என்று காட்டிவிட்டு, வங்கி கடன் கொடுப்பதைக் குறைத்தது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒன்றிலிருந்து மற்றது பெறப்படாது என்பதே முதலாம் குறிப்பு.

குறிப்பு முற்றிலும் நியாயமானது. நிலுவை என்பது குளத்து நீர்மட்டம் போன்றது. மட்டம் தாழ்ந்ததைக் கண்டு வாய்க்கால் அடைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. மதகு கூடுதலாகத் திறக்கப்பட்டும் இருக்கலாம். அடகுக் கடனில் நீர் வெளியேறும் வழிகள் இரண்டு. கடன்பட்டவர் பணம் கட்டி நகையை மீட்பது ஒன்று. தவணை கடந்த நகையை வங்கி ஏலத்தில் விற்பது மற்றொன்று.

மறுமொழியில் ஒரு சிறு கணக்கை எழுதிக் காட்டினேன். ஆண்டின் தொடக்கத்தில் நிலுவை 100 எனக் கொள்வோம். அவ்வாண்டிற் புதிதாகக் கொடுத்தது 60, மீட்கப்பட்டது 50, ஏலத்திற் போனது 20 என்றால் ஆண்டிறுதியில் நிலுவை 90 ஆகும். முந்திய ஆண்டிற் புதிதாகக் கொடுத்தது 55 மட்டுமே என்றால், வங்கி கடன் கொடுப்பதைக் கூட்டிய ஆண்டிலேயே நிலுவை குறைந்திருக்கிறது. பொன்விலை வீழ்ந்த ஆண்டில் மீட்கப்படாத நகைகளும் ஏலங்களும் பெருகும் என்பதால், இந்தத் தவறு நேர்வதற்கு 2013ஐ விடப் பொருத்தமான ஆண்டு வேறில்லை.

ஆகவே மாத இறுதி நிலுவைகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக எழுதப்பட்ட அடகுச் சீட்டுகளின் எண்ணிக்கையையும் தொகையையும் தேடிப் புறப்பட்டேன். அங்கேயும் ஒரு குழி இருந்தது. தவணை முடிவில் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிப்பவருக்கு, பழைய சீட்டு மூடப்பட்டுப் புதுச்சீட்டொன்று எழுதப்படும். பதிவேட்டில் அது ஒரு மீட்பாகவும் ஒரு புதுக்கடனாகவும் தோன்றும். உண்மையில் ஒரு சதமேனும் புதிதாகக் கைமாறியிராது. ஒரே நாளில், ஒரே பெயரில், ஒரே நிறையுடன் மூடப்பட்டுத் திறக்கப்பட்ட சீட்டுகளை நீக்கிய பின்னரே புதுக்கடனின் உண்மை உருவம் தெரிந்தது. அது குறைந்தே இருந்தது; ஆனால் நான் முதலில் எழுதிய அளவுக்கு அன்று. மறுமொழியில், “ஏற்றுக்கொண்டேன், அட்டவணை முழுவதும் மீண்டும் அமைக்கப்பட்டது” என எழுதினேன்.

இரண்டாம் குறிப்பு: கை சுருங்கியதா, பொன் சுருங்கியதா?

புதுக்கடன் குறைந்ததென்றே கொள்வோம். அது வங்கியின் விருப்பம் குறைந்ததனாலா, ஈட்டின் பெறுமதி குறைந்ததனாலா, மக்களின் தேவை குறைந்ததனாலா என்பதே இரண்டாம் குறிப்பு.

இவ்வினாவின் கடினத்தை உணர்வதற்கு அவ்வாண்டின் தேசிய நிலைமையை நோக்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி 2012 டிசெம்பரிலும், 2013 மே, ஒற்றோபர் மாதங்களிலும் தன் கொள்கை வட்டிவீதங்களைக் குறைத்தது. ஆயினும் தனியார்துறைக்கான கடனின் வளர்ச்சி 2012இல் நூற்றுக்கு 17.6 ஆக இருந்து 2013இல் 7.5 ஆகத் தாழ்ந்தது. வட்டியும் குறைந்து கடனும் குறைந்தால், கடன் கேட்போர் குறைந்தனர் என்றே பாடநூல் சொல்லும். மறுபுறத்தில், வங்கிகளின் செயற்படாக் கடன் 2012 இறுதியில் நூற்றுக்கு 3.7 ஆக இருந்து 2013 இறுதியில் 5.6 ஆக உயர்ந்தது. அதற்கு நகையடகு ஒரு முக்கிய காரணமாயிற்று. அடிபட்ட வங்கி கையைச் சுருக்கும் என்பதும் பாடநூல் சொல்வதே. இரு கதைகளும் ஒரே எண்களோடு பொருந்துகின்றன.

நகையடகில் மட்டும் இச்சிக்கலை ஓரளவு அவிழ்க்க முடியும் என்பதே எனது மறுமொழி. அடகு வீட்டு வட்டிவீதம் தலைமையகம் அறிவிப்பது. கிளைக்குக் கிளை, ஆளுக்கு ஆள் மாறுவதன்று. வங்கி தன் விருப்பின்மையை வட்டியிற் காட்டாது, பவுணுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதிற் காட்டும். அத்தொகையோ இரண்டின் பெருக்கம்: பவுணின் சந்தைப் பெறுமதி ஒன்று, அப்பெறுமதியில் வங்கி கொடுக்க இசையும் வீதம் மற்றொன்று. முன்னது உலகச் சந்தையால் வருவது. பின்னது வங்கியின் மனம்.

கணக்கை இவ்வாறு செய்தேன். 22 கரட் பவுண் ஒன்றின் நிறை 8 கிராம். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.33 கிராம். ஒரு அவுன்ஸ் தங்கம் 2012 இறுதியில் ஏறத்தாழ 1,657 டொலர். டொலர் ஒன்று ஏறத்தாழ 127 ரூபா. அதன்படி பவுணிலுள்ள பொன்னின் பெறுமதி 49,700 ரூபா அளவில் இருந்தது. 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாள்களில் அவுன்ஸ் விலை ஏறக்குறைய 200 டொலர் விழுந்தது. ஆண்டு முடிவில் அது 1,200 டொலரை அண்மி நின்றது. டொலரின் விலை 131 ரூபா வரை ஏறியிருந்தும் பவுணின் பெறுமதி 37,000 ரூபாவாகியது.

இப்போது, விளக்கத்துக்காக, வங்கி முதலாண்டில் நூற்றுக்கு 80 வீதமும் மறு ஆண்டில் 65 வீதமும் கொடுத்தது எனக் கொள்வோம். முதலாண்டில் பவுணுக்குக் கிடைத்தது 39,760 ரூபா. மறு ஆண்டிற் கிடைப்பது 24,050 ரூபா. குறைவு 15,710 ரூபா. வங்கியின் மனம் மாறாது 80 வீதமே கொடுத்திருந்தாலும் 29,600 ரூபாதான் கிடைத்திருக்கும். ஆகவே 10,160 ரூபா பொன் சுருங்கியதால் வந்த குறைவு. எஞ்சிய 5,550 ரூபா வங்கியின் கை சுருங்கியதால் வந்தது. நான் முதலில் முழுவதையும் வங்கியின் தலையிற் சுமத்தியிருந்தேன்; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்குரியதன்று.

இக்கணக்கை எழுதிப் பெருமையோடு மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் கணக்கைத் தலைகீழாகச் செய்துபார்க்கச் சொன்னார். முதலில் வீதம் மாறியது, பின்னர் விலை மாறியது எனக் கொண்டால், பழைய விலையில் 65 வீதம் 32,305 ரூபா. அப்போது வங்கியின் பங்கு 7,455 ரூபாவாகவும் பொன்னின் பங்கு 8,255 ரூபாவாகவும் மாறிவிடுகின்றன. ஒரே குறைவை இரண்டு காரணங்களுக்குப் பங்கிடும்போது எதனை முதலில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். எனவே, மறுமொழியில் ஒற்றை எண்ணைக் கூறாது இரண்டு எல்லைகளையும் கூறினேன்: விளக்கத்துக்கு எடுத்த இவ்வீதங்களின்படி வங்கியின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் ஏறக்குறைய பாதிக்கும் இடைப்பட்டது. பரீட்சகர் கேட்குமுன்னரே தன் கணக்கின் தளர்ந்த இடத்தைத் தானே காட்டுவது தோல்வியன்று என்பதை அன்று அறிந்தேன்.

மூன்றாம் குறிப்பு: ஒருவரே, இரண்டு வங்கிகள்

வீதம் குறைந்ததென்பதும் வங்கியின் விருப்பைக் காட்டாமற் போகலாம். 2013இல் வங்கிக்கு வந்தோர் முந்திய ஆண்டில் வந்தோரிலும் வறியவராகவும் மீட்கும் வல்லமை குறைந்தவராகவும் இருந்திருக்கலாம் என்பது மூன்றாம் குறிப்பு. பரீட்சகர் இதனோடு ஒரு வழியையும் காட்டியிருந்தார்: குவாஜா, மியான் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்குமாறு எழுதியிருந்தார்.

அவ்வாய்வு பாகிஸ்தானைப் பற்றியது. 1998 மே மாதத்தில் அந்நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, அரசாங்கம் டொலர் வைப்புகளை முடக்கியது. டொலர் வைப்புகளைப் பெரிதும் நம்பியிருந்த வங்கிகளுக்கு அடி பலமாக விழுந்தது, மற்றவை தப்பின. ஆய்வாளர் இருவரும் ஒரே காலத்தில் இருவகை வங்கிகளிடமும் கடன் பெற்றிருந்த நிறுவனங்களை எடுத்துக்கொண்டனர். நிறுவனம் ஒன்றே, ஆகவே அதன் தேவையும் ஒன்றே, அதன் வல்லமையும் ஒன்றே. அப்படியிருந்தும் அடிபட்ட வங்கி அதற்குக் கொடுத்த கடன், அடிபடாத வங்கி கொடுத்ததைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால், அவ்வேறுபாடு வங்கியினாலேயே வந்தது எனலாம். அவ்வாறே அவர்கள் கண்டனர். பெரிய நிறுவனங்கள் வேறு வங்கிகளிடம் சென்று இழப்பை ஈடுசெய்துகொண்டன. சிறியவற்றால் அது இயலவில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

பாகிஸ்தானின் நிறுவனங்களுக்கும் அன்புவழிபுரத்து அம்மாமாருக்கும் என்ன தொடர்பு என்று முதலில் திகைத்தேன். பின்னர் ஊருக்குச் சென்று வீடு வீடாகக் கேட்டபோது, ஒரே பெண் இரண்டு வங்கிகளில் நகை வைத்திருப்பது அரிதன்று எனக் கண்டேன். காப்பு ஒன்றில், சங்கிலி மற்றொன்றில். இவ்வாறு வைத்திருந்த ஒன்பது பேர் தம் சீட்டுகளைக் காட்ட இசைந்தனர். ஒருவரே, ஒரே மாதத்தில், ஒரே ஊர்ப் பேருந்திலேறிச் சென்று இரு வங்கிகளிற் பெற்ற தொகையைப் பவுண் ஒன்றுக்கு எவ்வளவு என்று ஒப்பிட முடிந்தது. அவருடைய வறுமையும் தேவையும் இரு சீட்டுகளிலும் ஒன்றே. ஆதலின் வேறுபாடு அவரால் வந்ததன்று.

இவ்வொப்பீட்டை எச்சரிக்கையின்றிச் செய்தாலும் பிழைபடும். கல் பதித்த நகையில் கல்லின் நிறையைக் கழிக்கும் முறை வங்கிக்கு வங்கி வேறுபடும். ஒரு வங்கியின் மதிப்பீட்டாளர் 22 கரட் என எழுதும் நகையை மற்றவர் 21 என எழுதுவார். எனவே கல் வைத்த நகைகளை விலக்கி, சீட்டில் எழுதப்பட்ட நிறையையும் மாற்றையும் கொண்டு சுத்தப் பொன் கிராமுக்கு எவ்வளவு என்று கணித்தேன். ஒன்பது சோடிச் சீட்டுகளில் ஐந்தே எஞ்சின. அவ்வைந்திலும், அடகில் அதிகம் ஈடுபட்டிருந்த வங்கியே 2013இன் பிற்பகுதியிற் குறைவாகக் கொடுத்திருந்தது.

ஐந்து சோடிகளைக் கொண்டு ஒரு மாவட்டத்தைப் பற்றி எதுவும் நிறுவ இயலாது. இரண்டு வங்கிகளுக்குப் பகிர்ந்து வைக்குமளவு நகை உடையவர் ஊரின் மிக வறியவருமல்லர். மறுமொழியில் இரண்டையும் எழுதி, இது சான்றன்று, சான்று எங்கே தேடப்படவேண்டும் என்பதற்கான அறிகுறி என்று முடித்தேன். “கைவிட்டன” என்ற சொல்லை நீக்கினேன். அதனிடத்தில், “அடகில் அதிகம் ஈடுபட்டிருந்த வங்கி, ஒரே கடன்பட்டவருக்கு, மற்ற வங்கியினுங் குறைந்த வீதத்திற் கொடுத்தது” என்ற நீண்ட, உயிரற்ற, ஆனால் உண்மையான வாக்கியம் வந்தமர்ந்தது.

நான்காம் குறிப்பு: வாராதவர்கள்

நான் நேர்கண்டவர்கள் எல்லோரும் வங்கிக்குச் சென்றவர்கள். செல்லாதவர்களைப் பற்றி அத்தியாயம் மௌனம் சாதிக்கிறது. அவர்கள் தேவையில்லாமற் செல்லவில்லையா, மறுக்கப்படுவோம் என்றஞ்சிச் செல்லவில்லையா? இதுவே நான்காம் குறிப்பு. படிப்பதற்கு எளிதாகத் தோன்றிய இக்குறிப்பே என்னை மிகவும் வருத்தியது.

எனது வினாக்கொத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: கேட்டார், கிடைத்தது, கேட்டார், குறைவாகக் கிடைத்தது. கேளாதவர் அனைவரும் தேவையற்றவர் என்ற கட்டத்துள் தாமாகவே விழுந்தனர். வினாக்கொத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்ற முதல் நாள், பழக்கத்துக்காக அதனை என் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். 2013ஆம் ஆண்டிற் கடன் தேவைப்பட்டதா என்று கேட்டேன். தங்கையின் படிப்புக்கும் கூரைக்கும் தேவைப்பட்டது என்றார். வங்கிக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

“நான் போகவே இல்லை, மகன். பொன் விலை விழுந்திட்டுது, இனிப் பவுணுக்கு அரைவாசியும் தரமாட்டினம் எண்டு கிணத்தடியில எல்லாரும் கதைச்சவை. பிறகேன் வெயிலுக்க போய் நிண்டு, இல்லையெண்டு கேட்டுக்கொண்டு வாறது?” என்றார்.

“அப்ப காசுக்கு என்ன செய்தனீங்கள்?”

“வட்டிக்கு வாங்கினது. உனக்குச் சொல்லேல்லை.”

நான் எழுதிய அட்டவணையில் என் அம்மாவுக்கு இடமிருக்கவில்லை. அவரை யாரும் மறுக்கவில்லை. ஆகவே வங்கி கையை விரித்தது என்ற என் கதைக்கு அவர் சாட்சியல்லர். அவர் கேட்கவில்லை; ஆனால் தேவை இல்லாதவருமல்லர். கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை அவரும் அறியார், வங்கியும் அறியாது, நானும் அறியேன். கிணற்றடி வதந்தியைக் காட்டிலும் கூடுதலாகவே கிடைத்திருக்கக்கூடும். பொருளியலார் இத்தகையோரை மனந்தளர்ந்த கடனாளர் என்பர். வங்கியின் பதிவேட்டில் அவர்கள் சுவடே இராது. ஆகவே நிலுவையும் புதுச்சீட்டும் எத்துணை நுட்பமாகக் கணிக்கப்பட்டாலும் அவர்களைக் காட்டமாட்டா. வீட்டு வாசலில் நின்று, தேவையிருந்ததா, கேட்டீர்களா, கேளாவிடின் ஏன் என்று மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்பதொன்றே வழி.

அந்த வினாக்களோடு நாற்பதுக்கு உட்பட்ட வீடுகளுக்கே செல்ல முடிந்தது. அம்மாவைப் போன்றோர் எத்தனை பேர் என்று கணக்கிட அது போதாது. அப்படிப்பட்டோர் உளர் என்று கூறப் போதும். “‘எம்மை’ என்பது யார்?” என்ற பென்சிற் குறிப்புக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. அச்சொல் என் வீட்டையே குறிப்பதாக எண்ணியிருந்தேன். என் வீடோ என் அட்டவணைக்கு வெளியே நின்றது. அச்சொல்லையும் நீக்கினேன்.

நான் இணங்காத ஓரிடம்

எல்லாக் குறிப்புகளுக்கும் தலைவணங்கினேன் என்று வாசகர் எண்ணலாகாது. அத்தியாயத்தில் ஒரு பத்தியை நீக்குமாறு பரீட்சகர் ஒருவர் கூறியதை நான் ஏற்கவில்லை.

மேலே காட்டிய கணக்கின்படி, 2012 இறுதியில் ஒரு பவுணை வைத்து 40,000 ரூபா பெற்றவர், ஆண்டுக்கு 18 வீத வட்டி எனக் கொண்டால், ஓராண்டில் 47,200 ரூபா கட்டியே நகையை மீட்கவேண்டும். அந்த நகையின் பொன் அப்போது 37,000 ரூபாதான் பெறும். மீட்காமல் விட்டு, அதே நிறைப் பொன்னைச் சந்தையில் வாங்கினால் 10,200 ரூபா மிச்சம். செய்கூலியும் சேதாரமும் அதிற் சிறிதை விழுங்கினும் இலாபமே. மீட்க வராமைக்கும் ஏலம் பெருகியதற்கும் வங்கிகள் நட்டமடைந்ததற்கும் இதுவே காரணம். இதன் பின்னர் மத்திய வங்கி 2014இல் அடகு முற்பணங்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டமொன்றை அறிமுகம் செய்தது.

ஆயினும் நான் சந்தித்தவருள் நட்டப்பட்டும் மீட்டவர் பலர். மீட்டவை பெரும்பாலும் தாலிக்கொடி, அல்லது தாயின் நகை. கைவிட்டவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில் அண்மையில் வாங்கிய காப்பும் சங்கிலியும். இதனைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத நடத்தையெனக் கொண்டு விலக்கிவிடலாம் என்பது பரீட்சகரின் கருத்து.

எனது மறுமொழி இது: விலக்கினால், வங்கி யாரை நம்பிக் கடன் கொடுக்கிறது என்பதே மறைந்துபோகும். வங்கி பொன்னை மட்டும் ஈடாகக் கொள்ளவில்லை. அப்பொன்மீது உரியவருக்குள்ள பற்றையும் ஈடாகக் கொள்கிறது. உரைகல் அதனை அளக்காது. பொன்விலை ஏறும் காலத்தில் அவ்வேறுபாடு புலப்படுவதில்லை. எல்லா நகையும் மீட்கப்படும். விலை விழும்போதுதான் தாலிக்கொடி திரும்புகிறது, புதுக்காப்பு ஏலத்துக்குப் போகிறது. ஆகவே இது கணக்கின் பிழையன்று. கணக்கு அளக்க மறந்த பொருள். பத்தியை நீக்காது, அது என் ஆய்வின் முடிபன்று, பின்னர் ஆராயத்தக்க வினா என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துத் தந்தேன். பரீட்சகர் அதனை விட்டுவிட்டார். இணங்கினாரோ, சலித்தாரோ அறியேன்.

ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த அத்தியாயம் முன்னிருந்ததிலும் நீண்டது. அதன் முடிபோ முன்னிருந்ததிலும் சிறிது. அம்மா அதைப் பற்றிக் கேட்டபோது, “வங்கி குறைத்தது உண்மை, ஆனால் நான் சொன்ன அளவுக்கு இல்லை” என்றேன். “இதைக் கண்டுபிடிக்கவோ இவ்வளவு காலம்?” என்றார்.

பின்னர் 2022இல் கதை தலைகீழாயிற்று. 2021 இறுதியிலும் 2022 இறுதியிலும் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 1,800 டொலராகவே இருந்தது. ஆனால் டொலர் 200 ரூபாவிலிருந்து 363 ரூபாவுக்கு ஏறியதனால், பவுணிலுள்ள பொன்னின் பெறுமதி ஏறத்தாழ 85,000 ரூபாவிலிருந்து 155,000 ரூபாவாக உயர்ந்தது. நகையடகுக் கடனும் பெருகியது. அவ்வேளையில் ஒரு மாணவர் என்னிடம் வந்து, வங்கிகள் மக்களுக்கு உதவத் தொடங்கிவிட்டன என்று ஒரு கட்டுரை எழுதிக் காட்டினார்.

நான் அந்த வாக்கியத்தின் கீழே பென்சிலாற் கோடிட்டேன். பொன் பெருத்ததா, வங்கியின் கை விரிந்ததா, வீட்டில் அரிசியில்லாமற் போனதா என்று ஓரத்தில் எழுதினேன். கிணற்றடியிலும் ஒருமுறை கேட்டு வருமாறு சொல்லி அனுப்பினேன்.